நாற்பது சதவீதம் இருக்கும்போதே அணையும் கணினி

பழைய மடிக்கணினிக்கு மலிவு விலையில் புது பேட்டரி போட்டவர்கள் சில வாரம் கழித்து சர்வீஸ் கடைக்குத் திரும்பி வந்து சொல்லும் புகார் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "நாற்பது பர்சென்ட் சார்ஜ் காட்டுது. வீடியோ எடிட்டிங் ஓப்பன் பண்ணினா பட்டுன்னு ஆஃப் ஆயிடுது. திரும்ப பவர் பட்டனை அமுக்கினா ஆன் ஆகுது, முப்பத்தெட்டு பர்சென்ட் காட்டுது." அணைவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் வராது. சேமிக்காத வேலை போனது போனதுதான். மதர்போர்டு போய்விட்டது என்பார் ஒருவர். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

விண்டோஸில் Event Viewer-ஐத் திறந்தால் அணைந்த நேரத்தை ஒட்டி Kernel-Power 41 என்று ஒரு பதிவு இருக்கும். கணினி முறையாக மூடப்படாமலேயே மறுபடி இயங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அணையும்போது எழுதப்பட்ட பதிவு அல்ல அது, அடுத்த முறை உயிர் வந்தபின் எழுதப்பட்டது. அதற்குள் போய் BugcheckCode என்ற வரியைப் பார்த்தால் பெரும்பாலும் 0 என்றிருக்கும். மென்பொருள் கோளாறால் நீலத்திரை விழுந்திருந்தால் அங்கே வேறொரு எண் இருந்திருக்கும். 0 என்றால் விண்டோஸுக்குத் தான் அணையப்போவதே தெரிந்திருக்கவில்லை என்று பொருள். அப்படியானால் மின்சாரம்தான் நின்றிருக்கிறது. நாற்பது சதவீதம் கையிருப்பில் இருக்கும்போது மின்சாரம் எப்படி நிற்கும் என்பதுதான் நம் கேள்வி.

முதலில் அந்த நாற்பது யார் சொன்ன கணக்கு என்று பார்ப்போம். மடிக்கணினி பேட்டரி வெறும் செல்களின் கட்டு அல்ல. உள்ளே ஒரு சிறு சர்க்யூட் பலகை உண்டு. செல்களுக்குள் போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும், ஓமில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள மின்தடை ஒன்றின் வழியாக அது அளந்துகொண்டே இருக்கும். உள்ளே போனது இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு, மொத்தக் கொள்ளளவு இவ்வளவு, ஆகவே மீதி இவ்வளவு. திரையில் தெரியும் சதவீதம் இந்த வரவு செலவுக் கணக்கின் கடைசி வரி. கணினி தானாக எதையும் அளப்பதில்லை, பலகை சொல்வதைத்தான் காட்டுகிறது.

இந்தக் கணக்கு இரண்டு விதமாக நம்மைக் கைவிடலாம். இரண்டையும் பிரித்தறிவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலாவது, நேரடியான பொய். பேக்கின் மேல் 4400 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு, பலகையிலும் அதே எண்ணை எழுதிவிட்டு, உள்ளே 2600 மட்டுமே தாங்கும் செல்களை வைத்திருக்கலாம். 2600 செலவானதும் செல்கள் உண்மையிலேயே காலி. ஆனால் பலகையின் கணக்கில் இன்னும் 1800 மீதி, அதாவது 41 சதவீதம். கணினி அணையும். இந்த வகையில் அணைந்த கணினி சார்ஜர் இல்லாமல் மறுபடி எழாது, எழுந்தாலும் சில நொடிகள்தான். கனமான வேலை கொடுக்காவிட்டாலும், சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும், ஏறக்குறைய அதே சதவீதத்தில் விழும்.

நம் புகாரில் வருவது அப்படி இல்லை, அது இரண்டாவது வகை. கனமான வேலை கொடுத்தால் மட்டும் அணைகிறது. உடனே திரும்ப எழுகிறது. எழுந்தபின் மெதுவான வேலைகளை அரை மணி நேரம்கூடச் செய்கிறது. கொள்ளளவு காலியாகியிருந்தால் இது நடக்காது. இங்கே மின்னேற்றம் உள்ளே இருக்கிறது, தேவையான வேகத்தில் வெளியே வர முடியவில்லை. மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தும் துருவேறிய குழாயில் ஒரு வாளி நிறைவதற்குள் பொழுது போய்விடுவதைப்போல.

ஒவ்வொரு செல்லுக்கும் அகமின்தடை என்று ஒன்று உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்து மறந்ததுதான். மின்கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கும்போது அதன் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி கலத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. எவ்வளவு விழும் என்றால், மின்னோட்டத்தை அகமின்தடையால் பெருக்கினால் வரும் அளவு. பாடப்புத்தகத்தில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. மடிக்கணினியில் இதுதான் உயிர்நாடி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழற்றி மாட்டும் வகை ஆறு செல் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 18650 எனப்படும் உருளைச் செல்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டிரண்டு செல்கள் பக்க இணைப்பில் ஜோடி சேர்ந்திருக்கும். அப்படி மூன்று ஜோடிகள் தொடரிணைப்பில் இருக்கும். நாற்பது சதவீதத்தில் வேலை ஏதுமின்றி இருக்கும்போது ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.67 வோல்ட் அளவில் இருக்கும், மூன்றுக்கும் சேர்த்து 11 வோல்ட்.

நல்ல புதுச் செல்கள் என்றால், பலகையையும் இணைப்புகளையும் சேர்த்து மொத்தப் பேக்கின் தடை 0.1 ஓம் பக்கம் வரும். தேய்ந்த செல்கள் என்றால் அது 0.33 ஓம் வரை போவது ஆச்சரியமில்லை. கால் ஓம் கூடுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும்.

மெதுவான வேலையில் கணினி 20 வாட் எடுக்கிறது. தேய்ந்த பேக்கில்கூட மின்னழுத்தம் 11-லிருந்து 10.4 வோல்ட்டுக்குத்தான் இறங்கும். ஒன்றும் தெரியாது. இப்போது வீடியோ எடிட்டரைத் திறக்கிறோம். செயலி சில நொடிகளுக்குத் தன் வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது, தேவை 60 வாட்டைத் தொடுகிறது. நல்ல பேக்கில் மின்னழுத்தம் 10.4-இல் நிற்கும். தேய்ந்த பேக்கில் 8.7-க்கு விழும். பல கணினிகளில் மூன்று செல் பேக்குக்கு 9 வோல்ட் பக்கம்தான் கடைசிக் கோடு. அதற்குக் கீழே கணினி தாங்காது.

இந்த வீழ்ச்சி இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மதர்போர்டில் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுகள் கேட்பது இத்தனை ஆம்பியர் என்று அல்ல, இத்தனை வாட் என்று. மின்னழுத்தம் குறைந்தால் அதே வாட்டைப் பெற அவை கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கூடுதல் மின்னோட்டம் அகமின்தடையில் கூடுதல் வீழ்ச்சியை உண்டாக்கும். அதனால் மின்னழுத்தம் இன்னும் குறையும், சுற்றுகள் இன்னும் இழுக்கும். நல்ல பேக்கில் 60 வாட்டுக்கு 5.8 ஆம்பியர் போதும், தேய்ந்த பேக்கிலிருந்து 6.9 ஆம்பியர் எடுக்க வேண்டும். பலவீனமானவனிடமிருந்துதான் அதிகமாகப் பிடுங்குகிறது கணினி.

மொத்தம் 9 வோல்ட்டைத் தொடுவதற்கு முன்பே அணைவதும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே கண்காணிக்கிறது. லித்தியம் அயனி செல்லை ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் அதன் உள்கட்டமைப்பு கெடும் என்பதால், ஏதாவது ஒரு ஜோடி அந்த எல்லையை நெருங்கினாலே மின்னணு ஸ்விட்சைத் திறந்து மொத்த பேக்கையும் துண்டித்துவிடும். மூன்று ஜோடிகளில் இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் நொந்திருந்தால், தீர்ப்பு அந்த ஒன்றின் கையில். மலிவு பேக்குகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம், வெவ்வேறு வயதுள்ள செல்களை ஒன்றாகக் கோத்துவிடுவதுதான். பழைய பேட்டரிகளைப் பிரித்து, உயிர் இருக்கும் செல்களைப் பொறுக்கி, புது நெகிழி உறை போட்டு விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கொள்ளளவைச் சோதித்துப் பொறுக்குபவர்கள்கூட அகமின்தடையைப் பார்ப்பதில்லை. மெதுவாகச் சோதித்தால் அந்தச் செல்லும் தேர்ச்சி பெற்றுவிடும்.

துண்டித்ததும் மின்னோட்டம் பூஜ்யம். மின்னோட்டம் இல்லாவிட்டால் அகமின்தடையில் வீழ்ச்சியும் இல்லை. சில நொடிகளில் மின்னழுத்தம் 11-ஐ நோக்கி ஏறிவிடும், பாதுகாப்புச் சுற்று மறுபடி கதவைத் திறக்கும். பவர் பட்டனை அமுக்கியதும் கணினி ஒன்றும் நடக்காததுபோல் 38 சதவீதம் என்று காட்டுவது இதனால்தான். அந்த 38-இல் பொய் இல்லை. அவ்வளவும் உள்ளே இருக்கிறது, மெதுவாகக் கேட்டால் கொடுக்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். லினக்ஸ் இருந்தால் கருவி எதுவும் தேவையில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இந்த இரண்டு வரிகளை இயக்கினால் போதும்:

```
cat /sys/class/power_supply/BAT0/voltage_now
cat /sys/class/power_supply/BAT0/current_now
```

விடைகள் மைக்ரோ வோல்ட்டிலும் மைக்ரோ ஆம்பியரிலும் வரும், பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். சில கணினிகளில் இரண்டாவது கோப்புக்குப் பதில் power_now இருக்கும். அதை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். விண்டோஸில் HWiNFO போன்ற நிரல் இதே விவரங்களைக் காட்டும். முதலில் கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறை, பிறகு கனமான வேலை ஒன்று ஓடும்போது ஒரு முறை குறித்துக்கொள்ள வேண்டும். சும்மா இருக்கும்போது 10.70 வோல்ட், 0.9 ஆம்பியர் என்றும், வேலை ஓடும்போது 9.65 வோல்ட், 4.1 ஆம்பியர் என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் 1.05 இறங்கியிருக்கிறது, மின்னோட்டம் 3.2 ஏறியிருக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.33 ஓம். குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

இரண்டு அளவுகளையும் ஓரிரு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் குறைந்ததால் வந்த வீழ்ச்சியும் கணக்கில் சேர்ந்துவிடும். குளிரூட்டிய அறையில் வெகுநேரம் கிடந்த பேட்டரி சற்றுக் கூடுதல் தடையைக் காட்டும், அது கோளாறு இல்லை. இன்னொன்று, இந்த மின்னழுத்தத்தை அளப்பது பேட்டரிக்குள் இருக்கும் பலகை. பேட்டரிக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள தகடுகள் பாசி பிடித்தோ சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் அங்கே விழும் மின்னழுத்தம் இந்தக் கணக்கில் தெரியாது. 0.1 என்று விடை வந்தும் கணினி அணைகிறது என்றால் அந்தத் தகடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தரும் `powercfg /batteryreport` அறிக்கையைப் பலரும் நம்புகிறார்கள். வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். போலிப் பேக்குகளில் இரண்டும் ஒரு எண்கூட மாறாமல் வாரக்கணக்கில் ஒன்றாகவே நின்றால் சந்தேகப்படலாம். பயன்படுத்தப் பயன்படுத்த முழுக் கொள்ளளவு கொஞ்சமாவது அசைய வேண்டும். ஆனால் அகமின்தடையைப் பற்றி அந்த அறிக்கை வாயே திறக்காது. ஆகவே அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

சரி, சார்ஜரைச் செருகிவிட்டால் பிரச்சினை தீருமா? பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், சிலருக்குத் தீரவும் செய்கிறது. செருகியிருக்கும்போதும் அணைந்தால்தான் குழப்பம். அப்போது மதர்போர்டு மீதான சந்தேகம் உறுதியாகிவிடும், செலவும் பெரிதாகிவிடும்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சார்ஜரும் பேட்டரியும் மாற்று ஆட்கள் அல்ல, கூட்டாளிகள். 65 வாட் சார்ஜர் கொடுத்திருப்பார்கள், ஆனால் கணினி சில நொடிகளுக்கு 80 வாட் கேட்கும். அந்தக் கூடுதலைப் பேட்டரி கொடுக்கட்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். சார்ஜிங் சில்லு சார்ஜரிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கண்காணித்து, எல்லையைத் தொட்டதும் பேட்டரியையும் சேர்த்து இழுக்கும். பேட்டரி நொந்திருந்தால் கூட்டாளி கைவிட்டுவிடுவான், சார்ஜர் தனியாகத் தாங்காமல் துண்டித்துக்கொள்ளும். சுவரில் செருகியிருந்தும் கணினி அணையும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பல கணினிகள் பேட்டரி இல்லை என்று தெரிந்ததும் உச்ச வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்போது அணையவில்லை என்றால் பழி பெரும்பாலும் பேட்டரியின் மேல்.

பேட்டரியைக் கழற்றியும் அணைந்தால் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். 90 வாட் என்று ஒட்டிய மலிவு சார்ஜரைக் கையில் எடுத்தாலே எடை குறைவாக இருப்பது தெரியும். என் அனுபவத்தில் அதைவிட நல்ல அடையாளம் ஒயர். 90 வாட் சார்ஜர் 19.5 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் அனுப்ப வேண்டும். 1.8 மீட்டர் ஒயரில் போக வர மொத்தம் 3.6 மீட்டர் செம்பு. 18 கேஜ் ஒயராக இருந்தால் வழியில் 0.35 வோல்ட் விழும். மலிவு சார்ஜரில் கனமான ரப்பர் உறைக்குள் 24 கேஜ் ஒளிந்திருந்தால் 1.4 வோல்ட் விழும். அந்த 1.4 வோல்ட்டும் 4.6 ஆம்பியரும் சேர்ந்து ஆறு வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகப் போகும். கனமான வேலை ஓடும்போது ஒயரின் நடுப்பகுதி கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

டெல் கணினிகளின் சார்ஜர் பின்னின் நடுவில் ஊசிபோல் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகச் சில்லு, தான் எத்தனை வாட் என்பதை அதன் வழியே கணினிக்குச் சொல்கிறது. அது சொல்லாவிட்டால் கணினி துவங்கும்போது The AC power adapter wattage and type cannot be determined என்று திரையில் வரும். பேட்டரி ஏறாது, செயலியும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நத்தை போல ஓடும். எரிச்சலான அனுபவம்தான், ஆனால் அதில் ஆபத்து இல்லை, அணைவதும் இல்லை. உள்ளே 65 வாட் சரக்கை வைத்துக்கொண்டு 90 வாட் என்று சொல்லும் சில்லை வைத்திருக்கும் சார்ஜர்தான் மோசம். கணினி அந்தச் சொல்லை நம்பி 90 வாட் இழுக்கும், சார்ஜர் தன் பாதுகாப்புச் சுற்றில் துண்டித்துக்கொள்ளும். ஊமைச் சார்ஜரை நான் மன்னிப்பேன், பொய் சொல்லும் சார்ஜரை மாட்டேன்.

டைப்-சி சார்ஜர்களில் இந்தப் பேச்சுவார்த்தை ஒயருக்கும் உண்டு. அடையாளச் சில்லு இல்லாத ஒயரில் 3 ஆம்பியருக்கு மேல் அனுப்ப விதி அனுமதிப்பதில்லை. 20 வோல்ட்டில் அது 60 வாட். 65 வாட் சார்ஜர் வாங்கிவிட்டு, போனோடு வந்த ஒயரைச் செருகினால் அதற்கு மேல் வராது.

பேட்டரி வாங்கும்போது பலர் மில்லி ஆம்பியர் எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியம் வோல்ட். 10.8 என்றும் 11.1 என்றும் எழுதியிருப்பவை பொதுவாக ஒன்றுதான், இரண்டும் மூன்று செல் தொடர். 14.8 என்றிருப்பது நான்கு செல் தொடர், மாற்றிப் போட முடியாது. கவனம் தேவைப்படுவது 11.4 என்றிருக்கும் மெல்லிய பேக்குகளில். இதில் செல் ஒவ்வொன்றும் 4.35 வோல்ட் வரை ஏற்றக்கூடிய வகை, முழுச் சார்ஜில் மொத்தம் 13.05 வோல்ட். அந்த உறைக்குள் 4.2 வோல்ட்டோடு நிறுத்த வேண்டிய சாதாரணச் செல்களை வைத்து, பலகையை 13.05 கேட்கச் சொல்லி வைத்திருந்தால் ஒவ்வொரு இரவும் மிகைச் சார்ஜ்தான். அகமின்தடை வேகமாக ஏறும், செல் உப்பும், டச்பேடு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அளவெல்லாம் எடுத்துக்கொண்டிருக்காமல் கணினியை அணைத்து, பேட்டரியைக் குத்தாமல் அமுக்காமல் கழற்றி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நம் கணக்கில் வந்த 0.33 ஓம் பேக்கை எடுத்துவிட்டு நல்ல செல் உள்ள பேக் போட்டால் அதே சோதனையில் 0.1 பக்கம் வரும், 60 வாட்டில் ஓடினாலும் சார்ஜ் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்வரை கணினி நிற்கும், விண்டோஸ் தன் வழக்கமான எச்சரிக்கையைத் தர நேரமும் இருக்கும். அதற்குப் பிறகும் சார்ஜரைச் செருகியதும் கணினி மந்தமாகிறது, பேட்டரியும் ஏறவில்லை என்றால், அது இரண்டாவது கோளாறு. சார்ஜர் பின்னின் நடுக்கம்பி வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.